கார்டு மிஷினில் தேய்த்த காசு எப்போது கடைக்காரர் காசாகிறது?

2025 பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, ஜனவரி 17. பனமரத்துப்பட்டியில் சித்தப்பாவின் துணிக்கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்து பாஸ்புக்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, கார்டு தேய்ச்ச காசு ஒரு வாரமா ஏறலைடா. இன்னிக்குத்தான் இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் வந்திருக்கு. மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல எங்க நிக்குதுன்னே தெரியலை" என்றார். இளம்பிள்ளை சேலைக்காரருக்கு மறுநாள் பணம் கட்டவேண்டும். 18ஆம் தேதிக்குள் கட்டினால் 1,20,000 ரூபாய்ச் சரக்குக்கு 2 சதவீதம் கழிவு உண்டு. கட்டாவிட்டால் இல்லை.

வங்கிக் கிளைக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டார். "லீவு சார், அதான்" என்று ஒரு முறையும், "கார்டு மிஷின் விஷயம் எல்லாம் சென்னையில பாக்கறாங்க" என்று ஒரு முறையும் பதில் வந்திருக்கிறது. எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். அவர் எழுதி வைத்திருந்த முதல் வரி இது: "11ஆம் தேதி விற்பனைக்கு வரவேண்டிய பணம் ஒரு வாரமாகியும் வரவில்லை." நியாயமான கோபம்தான். ஆனால் அந்த வரியில் ஒரு பிழை இருந்தது. அது என்ன என்று புரிய, அந்தச் சின்ன மிஷின் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும்.

வாடிக்கையாளர் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்துகிறார். மிஷின் தன்னுள் இருக்கும் சிம் வழியாக, அதைக் கொடுத்த வங்கிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்த வங்கி அதை ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்குத் தள்ளுகிறது. அது கார்டு வாங்கியவரின் வங்கியிடம், "இவர் கணக்கில் இவ்வளவு இருக்கிறதா, தரலாமா?" என்று கேட்கிறது. தரலாம் என்றால் ஆறு எழுத்துள்ள ஓர் ஒப்புதல் குறியீடு அதே வழியில் திரும்பி வருகிறது. சில நொடிகளில் மிஷின் கிர்ரென்று சீட்டைத் துப்புகிறது. வாடிக்கையாளர் போனுக்கு, பணம் கழிந்தது என்று குறுஞ்செய்தியும் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் ஏமாந்துபோகிறோம். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்துவிட்டதே, அப்படியானால் நம் கணக்கை நோக்கிப் பணம் புறப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். புறப்படவில்லை. இதுவரை நடந்தது கேள்வியும் பதிலும் மட்டும்தான். பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளி போடுகிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். விடியற்காலையில் மண்டியில் பூவைக் கொட்டுகிறோம், எடையும் விலையும் எழுதிய துண்டுச் சீட்டு கைக்கு வருகிறது. சீட்டு செல்லும், யாரும் இல்லையென்று சொல்லப்போவதில்லை. ஆனால் மண்டிக்காரர் கணக்கு முடித்தால்தான் காசு. கார்டு மிஷின் தருவதும் அப்படி ஒரு சீட்டுதான்.

கணக்கு முடிப்பதை மிஷினில் SETTLEMENT என்கிறார்கள். அன்றைக்குத் தேய்த்த கார்டுகளின் விவரம் எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கட்டுக்குப் பெயர் பேட்ச். இரவு கடையைச் சாத்தும்போது மெனுவுக்குள் போய் SETTLEMENT அழுத்தினால், "இன்று இத்தனை விற்பனை, மொத்தம் இவ்வளவு" என்று மிஷின் வங்கிக்குச் சொல்லும். வங்கியிடம் பதிவான மொத்தமும் அதுவும் ஒத்துப்போனால் SETTLEMENT SUCCESSFUL என்று ஒரு சீட்டு அச்சாகும். ஒத்துப்போகவில்லை என்றால், ஒவ்வொரு விற்பனையையும் மிஷின் தனித்தனியாக மறுபடி அனுப்பிச் சரிபார்க்கும். அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், நடுவில் சிக்னல் போனால் வேலை பாதியில் நிற்கும். சரிபார்த்த பிறகே அந்தக் கணக்கு வலையமைப்பு வழியாக வாடிக்கையாளர்களின் வங்கிகளுக்குப் போகிறது, வங்கிகள் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துக்கொள்கின்றன, கடைசியில் கடைக்காரர் கணக்கில் வரவு விழுகிறது. இப்போது வரும் பல மிஷின்கள் இரவில் ஒரு நேரத்தில் தானே பேட்சை மூடிக்கொள்ளும். சித்தப்பாவுடையது பழசு, கையால் மூடவேண்டியது.

ஆகவே வங்கியின் கடிகாரம் கார்டைத் தேய்த்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை, பேட்சை மூடிய நேரத்திலிருந்து ஓடுகிறது. சித்தப்பாவின் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தோம். இரவு 11 மணிக்குள் மூடிய பேட்சுக்கு அடுத்த வேலை நாளில் பணம், அதற்குப் பிறகு மூடினால் மறுநாள் கணக்கு என்று பொடி எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு வங்கியின் ஒப்பந்தத்திலும் இந்த நேரம் மாறும். புகார் எழுதுமுன் முதலில் பார்க்கவேண்டிய தாள் அதுதான்.

பிறகு சீட்டுகளை எடுத்தோம். அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கல்லாவுக்கு மேல் ஆணியில் மாட்டியிருந்தார். அது சூடுபட்டால் கருக்கும் பூச்சுத் தாள். அச்சும் சூட்டால்தான் விழுகிறது, மையே கிடையாது. அதனால் வெயிலும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் எழுத்து வெளிறிவிடும். டிசம்பர் மாதச் சீட்டுகள் பாதி வெள்ளையாகிவிட்டிருந்தன. நல்லவேளையாக ஜனவரிச் சீட்டுகள் தெளிவாக இருந்தன. முதல் வேலையாக அத்தனையையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம்.

ஒரு சீட்டை நெருக்கமாகப் பார்ப்போம். மேலே MID என்று கடைக்கான எண், TID என்று மிஷினுக்கான எட்டு எழுத்து எண். கடை ஒன்றாக இருந்து மிஷின் இரண்டு இருந்தால் MID ஒன்றாகவும் TID வேறுவேறாகவும் இருக்கும். நடுவில் BATCH NO. கீழே ஒப்புதல் குறியீடும், RRN என்ற 12 இலக்க எண்ணும். ஒரு குறிப்பிட்ட விற்பனையை இரண்டு வங்கிகளும் வலையமைப்பும் அடையாளம் காண்பது இந்த RRN வைத்துத்தான். ஆனால் எங்கள் புகாருக்குப் பெரிதும் உதவியது BATCH NO. வரிதான்.

10ஆம் தேதி வெள்ளிக்கிழமைச் சீட்டுகளில் பேட்ச் 212. 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகளில் 213. 13ஆம் தேதி திங்கட்கிழமை 214. நடுவில் 11ஆம் தேதி சனிக்கிழமைச் சீட்டுகளைப் பார்த்தால் அவற்றிலும் 213. பேட்சை மூடினால்தான் எண் ஒன்று கூடும். சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எண் என்றால் சனிக்கிழமை இரவு பேட்ச் மூடப்படவே இல்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கூட்டம்டா, அசந்துட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூடிய சீட்டில் நேரம் 23:40. அதாவது 11 மணியைத் தாண்டி நாற்பது நிமிடம். வங்கிக் கணக்கில் அது திங்கட்கிழமைப் பேட்ச்.

இனி விடுமுறைகள். ஜனவரி 11 இரண்டாவது சனிக்கிழமை, 12 ஞாயிறு. 13 திங்கள் வேலை நாள். 14 பொங்கல், 15 திருவள்ளுவர் நாள், 16 உழவர் திருநாள், மூன்று நாளும் தமிழ்நாட்டில் வங்கி விடுமுறை. 17 வெள்ளி வேலை நாள். ஆகவே 213ஆம் பேட்ச் திங்கட்கிழமைக் கணக்கு என்றால் அடுத்த வேலை நாள் 17. "ஒரு வாரமாகியும் வரவில்லை" என்று எழுதியிருந்தால், வங்கி அந்த 23:40 என்ற நேரத்தைக் காட்டியே புகார் முழுவதையும் தள்ளியிருக்கும். அந்தப் பணம் வரவேண்டிய நாளே அந்த 17ஆம் தேதிதான்.

வேலை நாள் என்றால் யாருடைய வேலை நாள் என்று ஒரு கேள்வி இங்கே எழுகிறது. வங்கி விடுமுறைகள் ரிசர்வ் வங்கியின் வட்டாரப்படி மாறும். திருவள்ளுவர் நாளும் உழவர் திருநாளும் மும்பையில் விடுமுறை இல்லை. நெஃப்ட் வழிப் பணம் அனுப்புவதோ 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல், ஞாயிறு திங்கள் பாராமல் நடக்கிறது. கார்டுக் கணக்கைக் கிளையில் யாரும் உட்கார்ந்து தீர்ப்பதில்லை, மையத்தில்தான் தீர்க்கிறார்கள். அதனால் பனமரத்துப்பட்டிக் கிளை பூட்டியிருந்தது என்பது முழுமையான காரணம் ஆகாது என்று வாதாடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் "வேலை நாள்" என்று மட்டும்தான் இருந்தது, எந்த ஊர் என்று இல்லை. வங்கிக்குச் சாதகமான பொருளையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம் என்று நான் சொன்னேன். அப்படிப் போட்டும் தாமதம் மிஞ்சினால், அதை யாராலும் மறுக்கமுடியாது.

அன்று நோட்டில் ஆறு பத்தி போட்டு வைத்தோம். 20ஆம் தேதியும் 21ஆம் தேதியும் மீதிப் பணம் வந்து சேர்ந்தபின் கணக்கு முழுமையானது. 22ஆம் தேதி கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"எங்கள் கடையின் கார்டு விற்பனைத் தொகை ஒப்பந்தப்படி அடுத்த வேலை நாளில் வரவாகவேண்டும். கீழ்க்கண்ட மூன்று பேட்சுகளுக்கு அவ்வாறு ஆகவில்லை.

பேட்ச் 212: 10-01-2025 விற்பனை ரூ.22,800. மூடியது 10-01 இரவு 10.15. வரவேண்டியது 13-01. வந்தது 17-01. தாமதம் 4 நாள்.

பேட்ச் 213: 11-01 விற்பனை ரூ.31,460, 12-01 விற்பனை ரூ.47,920, மொத்தம் ரூ.79,380. மூடியது 12-01 இரவு 11.40. 13-01 கணக்காகக் கொண்டால் வரவேண்டியது 17-01. வந்தது 20-01. தாமதம் 3 நாள்.

பேட்ச் 214: 13-01 விற்பனை ரூ.38,275. மூடியது 13-01 இரவு 9.50. வரவேண்டியது 17-01. வந்தது 21-01. தாமதம் 4 நாள்.

17-01 அன்று மாலைக்குள் ரூ.1,40,455 விற்பனைக்கான தொகை முழுதும் எங்கள் கணக்கில் இருந்திருக்கவேண்டும். இருந்தது ரூ.22,800 விற்பனைக்கான தொகை மட்டுமே. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும், தாமத நாட்களுக்கு வட்டி வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம். மூன்று பேட்சுகளின் சீட்டு நகல், பாஸ்புக் நகல், ஒப்பந்தத்தின் சம்பந்தப்பட்ட பக்கம் இணைக்கப்பட்டுள்ளன."

சனிக்கிழமை மூட மறந்ததை நாங்களே எழுதிவிட்டதைக் கவனியுங்கள். அதை மறைத்தால் நம் கணக்கின்மேல் வங்கிக்கு நம்பிக்கை போய்விடும். சொல்லிவிட்டால் மிச்சமிருக்கும் மூன்று நாளும் நான்கு நாளும் வங்கியின் கணக்கில் மட்டும் நிற்கும்.

"வந்த தொகை விற்பனைத் தொகைக்குச் சமமாக இல்லையே, அதையும் எழுதவேண்டாமா?" என்று சித்தி கேட்டார். 214ஆம் பேட்சில் 38,275 ரூபாய்க்கு 37,937 ரூபாய் 81 காசுதான் வந்திருந்தது. இது தாமதத்தோடு சேர்ந்த விஷயம் அல்ல, கார்டுக் கழிவு. அன்று ரூபே டெபிட் கார்டில் நடந்தது 16,400. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட்டுக்குக் கழிவே கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட்டில் 12,000. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேலிருக்கும் கடைகளுக்கு இதில் 0.90 சதவீதம் வரை வங்கி எடுக்கலாம், அது 108 ரூபாய். 20 லட்சத்துக்குள் என்றால் உச்சவரம்பு 0.40 சதவீதம்தான். கிரெடிட் கார்டில் 9,875. இதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியதுதான், சித்தப்பாவுக்கு 1.80 சதவீதம், அது 177 ரூபாய் 75 காசு. கழிவு மொத்தம் 285 ரூபாய் 75 காசு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 51 ரூபாய் 44 காசு. பொங்கல் கூட்டத்தில் எல்லா பில்லும் இரண்டாயிரத்துக்கு மேல். 2,000 ரூபாய் வரையிலான கார்டு விற்பனை என்றால் கழிவின்மேல் இந்த ஜிஎஸ்டி வராது. கணக்குச் சரியாக இருந்தது. தாமதப் புகாரோடு இதைச் சேர்த்திருந்தால், வங்கி இதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டிருக்கும்.

அதேபோல் க்யூஆர் அட்டையில் ஸ்கேன் செய்து வந்த யுபிஐ பணத்தையும் அந்த நோட்டுக் கணக்கிலிருந்து பிரித்தோம். அதற்கு இந்த மிஷினின் பேட்ச் எண் கிடையாது, வரும் வழியும் வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி வைத்திருந்ததால்தான் சித்தப்பாவுக்கு எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வாரம் குழம்பியது.

வட்டி எவ்வளவு கேட்பது? பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "நாளுக்கு நூறு ரூபாய் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு" என்றார். அந்த விதி இருப்பது உண்மை. 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை அது. ஆனால் அது வேறு கதைக்கு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடையில் சீட்டு வரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் பணம் அவருக்குத் தானாகத் திரும்பவேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய். அந்த நூறு வாடிக்கையாளருக்குரியது, கடைக்காரருக்கு அல்ல. சீட்டு ஒழுங்காக வந்து, கடைக்குப் பணம் தாமதமான எங்கள் வழக்கில் அது பொருந்தாது. எங்களுக்குக் கைகொடுத்தது ஒப்பந்தம்தான். ஆனால் அதில் தாமத வட்டி எவ்வளவு என்று எழுதவில்லை.

அதனால் ஓர் அளவுகோலைக் கடன் வாங்கினோம். நெஃப்டில் வந்த பணத்தை வங்கி உரிய நேரத்தில் வரவு வைக்காவிட்டால், ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்துத் தரவேண்டும் என்று விதி உண்டு. அப்போது ரெப்போ 6.50 சதவீதம். ஆகவே 8.50 சதவீதம். தொகையை நாளால் பெருக்கிக் கூட்டினால் 22,800 நான்கு நாளுக்கு, 79,380 மூன்று நாளுக்கு, 38,275 நான்கு நாளுக்கு, மொத்தம் 4,82,440. இதற்கு 8.50 சதவீதம் போட்டு 365ஆல் வகுத்தால் 112 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று சித்தப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இளம்பிள்ளைக் கழிவு போனதில் 2,400 ரூபாய் நஷ்டம், அதைத் தனி வரியாக, சேலைக்காரரின் பில் நகலோடு சேர்த்தோம். 112ஐ உரிமையாகவும் 2,400ஐ நஷ்டமாகவும் பிரித்தே கேட்டோம்.

இதுபோன்ற புகாரில் முத்திரை விழுந்த தேதி முக்கியம். வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. cms.rbi.org.in பக்கத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வங்கியிடம் முதலில் எழுதாமல் நேராகப் போனால் திருப்பிவிடுவார்கள். இன்னொன்று, வங்கியின் வணிக முடிவு சம்பந்தமான புகாரை அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள். "எனக்கு ஏன் 1.80 சதவீதம்?" என்று கேட்டால் அது வணிக முடிவு. "அடுத்த வேலை நாளில் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நான்கு நாள் தாமதித்தது ஏன், ஏன் தெரிவிக்கவில்லை?" என்று கேட்டால் அது சேவைக் குறைபாடு. கடிதத்தில் நாங்கள் இரண்டாவதை மட்டும்தான் கேட்டிருந்தோம்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. வழக்கமாக நாளுக்குப் பத்து, பதினைந்தாயிரம் நடக்கும் மிஷினில் திடீரென்று மூன்று மடங்கு விற்பனை வந்ததால், மோசடிக் கண்காணிப்புப் பிரிவு மூன்று பேட்சுகளையும் நிறுத்திப் பார்த்துவிட்டு விடுவித்ததாம். திருட்டுக் கார்டைத் தேய்த்துப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இருப்பதால், இப்படிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பொங்கலுக்கு முந்தின வாரம் துணிக்கடையில் விற்பனை கூடும் என்பது மிஷினுக்குத் தெரியாது, ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சித்தப்பா சொல்லியிருப்பார். 112 ரூபாயை வரவு வைத்தார்கள். 2,400ஐத் தர மறுத்தார்கள், அதற்காகக் குறைதீர்ப்பாளர் வரை போக சித்தப்பா விரும்பவில்லை. தீபாவளி, ஆடித் தள்ளுபடி போன்ற நாட்களுக்கு முன்பே எதிர்பார்க்கும் விற்பனையைக் கிளைக்கு எழுதிக்கொடுத்தால் குறித்து வைப்பதாகப் பதிலில் இருந்தது. இரவில் தானே பேட்சை மூடும் மிஷினையும் சித்தப்பா கேட்டு வாங்கினார்.

ஜருகுமலை ஓரத்தில் சிக்னல் போய்வரும் என்பதால், தானே மூடும் மிஷினையும் அவர் முழுக்க நம்புவதில்லை. காலையில் கடை திறந்ததும் முதல் கார்டைத் தேய்க்குமுன் நேற்றைய SETTLEMENT SUCCESSFUL சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். அதிலுள்ள நேரத்தையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் தனிப் பத்தியில் எழுதிக்கொள்கிறார். சீட்டுப் பை இப்போது மேஜை இழுப்பறைக்குள், காகித உறையில் இருக்கிறது.